ஐடிபி மட்டும் போதாது

வெளிநாட்டில் வண்டி ஓட்ட எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிதான் ஐடிபி. அதைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்கிறார்: "ஐடிபி எடுத்துட்டா ஊர் லைசென்ஸ் தேவையில்ல. ஆன்லைன்ல அரை மணி நேரத்துல வாங்கிடலாம். தாய்லாந்து ஃபூக்கெட்ல ஸ்கூட்டர் எடுக்க அது போதும்."

இல்லைங்க. ஐடிபி தனி உரிமம் அல்ல; நம் லைசென்ஸ் எந்தெந்த வண்டிக்கு என்பதை மற்ற நாட்டு போலீஸுக்குப் புரியும்படி சொல்லும் கையேடு. அசல் அட்டை கூடவே இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும்தான்.

ஸ்கூட்டர் விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். உங்கள் அட்டையில் கார் மட்டும் இருந்தால், ஐடிபியில் இருசக்கர வண்டிக்கான 'A' பிரிவு கிடைக்காது. வாடகைக் கடைக்காரர் அதைப் பார்க்காமலே சாவியைக் கொடுத்துவிடலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். உரிமம் இல்லாத பிரிவில் ஓட்டியதாகச் சொல்லி, மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். அதனால் முதலில் பைக் லைசென்ஸைச் சேர்த்துவிட்டு, அப்புறம் ஐடிபிக்குப் போங்கள்.

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஐடிபி தருவது ஆர்டிஓ மட்டுமே: படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். 'சர்வதேச லைசென்ஸ்' என்று அட்டை விற்கும் தனியார் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

லண்டனில் ஐடிபி இல்லாமலே கார் ஓட்டியதாகச் சிலர் சொல்வதும் சரி. பிரிட்டனில் நம் லைசென்ஸோடு 12 மாதம் வரை கார் ஓட்டலாம், ஐடிபி கட்டாயமில்லை. ஆனால் அதை வைத்து தாய்லாந்துக்கும் வேண்டாம் என்று முடிவு கட்ட முடியாது. பிரிட்டனிலும் வாடகை நிறுவனம் ஐடிபி கேட்டால் என்ன செய்வது என்பது தனிக் கதை, முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.