பாதிக் கணக்கில் ஆள் மாறினால்

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் இலவச அளவு தீர்ந்ததும், அதே உரையாடலைச் சிறிய மாடல் ஒன்றிடம் ஒப்படைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. பெரிய மாடலை ஓட்டச் செலவு அதிகம் என்பதால் வரம்பு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. மாற்றத்தைச் சிறு எழுத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு, எதுவும் நடவாததுபோல் பதில் தருவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டி-சர்ட்டுக்கு, வேஸ்டேஜ் உட்பட, சாயம் ஏறிய துணி 230 கிராம். டையிங்கில் பிராசஸ் லாஸ் 8 சதவீதம். நேவி கலர் 3,000 பீஸுக்கு எவ்வளவு கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, ஓட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, பெரிய மாடல் 690 கிலோவை 0.92-ஆல் வகுத்து 750 கிலோ என்றது. இழப்பு கிரே எடையில்தான் ஏற்படுகிறது என்பதால் இதுவே சரி. ஆனால் திரையில் வந்தது விடை மட்டும். வகுத்த காரணம் வரவில்லை. அடுத்து கருப்பு 5,000 பீஸுக்குக் கேட்பதற்குள் வரம்பு முடிந்துவிட்டது. சிறிய மாடல் 1,150 கிலோவுடன் 8 சதவீதத்தைக் கூட்டி 1,242 என்றது. வர வேண்டியது 1,250.

எட்டுக் கிலோதானே என்று விட முடியாது. ஏறக்குறைய 32 பீஸ் குறையும், அதற்காகத் தனியாகச் சாயம் போட்டால் ஷேடு ஒத்து வருமா என்பது வேறு கவலை. நிட்டிங் பிரிவில் இருப்பவர்தான், "ஏனுங்க, நேவிக்குப் போட்ட மாதிரி இது வரலைங்களே" என்று பிடித்தார்.

இப்படி ஆவதற்குக் காரணம் எளிது. மாடலுக்குத் தனி நினைவு இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முந்தைய உரையாடல் முழுவதும், அல்லது கொள்ளும் அளவுக்கு, மறுபடி அனுப்பப்படுகிறது. புதிதாக வந்த சிறிய மாடல் அதைத் தானே எழுதியதாக எடுத்துக்கொண்டு அதே நடையில் தொடர்கிறது. விடைகள் கைமாறுகின்றன, விடைக்குப் பின்னிருந்த யோசனை கைமாறுவதில்லை. பெரிய மாடலாயிருந்தால் அதை மறுபடி யோசித்து எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். நடை மாறாததால் நமக்கும் சந்தேகம் எழுவதில்லை.

"நீ எந்த மாடல்" என்று கேட்பதில் பயனில்லை, பல வேளைகளில் அதற்கே தெரியாது. விடை தெரிந்த பழைய கணக்கை, படிகளோடு மறுபடி போடச் சொல்லுங்கள். நேவிக்கு 750 வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். கணக்கு தொடங்கும்போதே "கிரே எடை = சாயத்துணி எடை ÷ 0.92" என்று வாய்ப்பாட்டை உரையாடலில் எழுதி வைத்தால், சிறிய மாடலும் பெரும்பாலும் அதைப் பின்பற்றும். மின்னஞ்சல் திருத்துவது, பட்டியலை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

சில மணி நேரம் கழித்துப் பெரிய மாடல் திரும்பி வந்ததும் அப்படியே தொடர்ந்துவிட வேண்டாம். அதுவும் 1,242-ஐத் தன் சொந்த விடையாகவே படிக்கும், அதன் மேலேயே அடுத்த கணக்கைக் கட்டவும் கூடும். கருப்புக் கலருக்குக் கேட்ட கேள்வி வரை மேலே போய், அதைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். அங்கிருந்து உரையாடல் புதிய கிளையாகத் தொடரும், பிழையான விடை பழைய கிளையோடு நின்றுவிடும்.