நாலரை ஆண்டு என்ற கணக்கு

“இரண்டு மொழி பேசினால் மறதி நோய் தள்ளிப்போகும் என்பது உறுதியாகிவிட்டதா?”

இன்னும் இல்லை. பலரும் சுட்டுவது ஹைதராபாத் ஆய்வைத்தான். அங்கே நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்துக்கு வந்த 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பற்றி சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் எழுதினார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு பிந்தித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த இடைவெளி தெரிந்ததால், எல்லாம் படிப்பின் பலன் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அதன் பலம் அதுதான்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எல்லோரும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள். “அப்பாவுக்கு மறதி எப்போது தொடங்கியது?” என்று கேட்டால் வீட்டார் நினைவிலிருந்து சொல்லும் வயதுதான் அளவுகோல். கூடவே இருக்கும் பிள்ளை முதல் தடுமாற்றத்திலேயே கவனித்துவிடுவார். தனியாக வாழ்பவரை யார் கவனிப்பது? நலமாக இருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, இருமொழியாளர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு குறைவாக இருப்பதாகத் தெரியவில்லை. நினைவை நம்பிய கணக்கைவிட எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் எத்தனை வயதில் கற்றார், தினமும் பேசினாரா என்பதை ஆய்வுக்கு ஆய்வு வெவ்வேறு விதமாக அளக்கிறார்கள். அது சீராகும்வரை இந்த வழக்கு முடியாது.