கடம்பூர் மாளிகையை யார் கட்டியது?

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் எங்கே கொல்லப்பட்டான் என்று கேட்டால் பத்துக்கு ஏழு பேர் யோசிக்காமல் "கடம்பூர் மாளிகையில்" என்பார்கள். கொன்றவர்கள் யார் என்றால் "பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள்." ஏன் என்றால் "வீரபாண்டியன் தலையை வெட்டியதற்குப் பழி." இந்த மூன்று பதிலுமே கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலிலிருந்து வந்தவை. எதற்கும் கல்வெட்டில் ஆதாரம் கிடையாது. நாவலை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஒரு கதை எப்படி வரலாறாக மாறி நம் தலைக்குள் உட்கார்ந்தது என்று அந்த ஒரு கொலையை மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. இந்தக் கொலையைப் பற்றிப் பேசும் கல்வெட்டு அதன் சுவரில்தான் உள்ளது. பலரும் அதை ஏதோ தீர்ப்பு நகல் போல நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு நில விவகாரம். 'பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனை'க் கொன்று துரோகிகளானவர்கள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் சொத்தை என்ன செய்வது என்று வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசாணை வருகிறது. அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயில் அறத்துக்குக் கொடுக்கிறார். கல்லில் வெட்டியது அந்த அறத்துக்காக. கொலை அதில் ஒரு அடைமொழியாக மட்டும் வந்து போகிறது. காலம், ஆதித்தனின் தம்பி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 987. கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

துரோகிகளின் பெயர்களைக் கவனியுங்கள். சோமன். ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன். பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். எல்லோரும் சகோதரர்கள். பிரமாதிராஜன் என்பது சோழ அரசு தன் பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். 'இருமுடிச்சோழ' என்ற முன்னொட்டு அதைச் சந்தேகமில்லாமல் காட்டிவிடுகிறது. இவர்கள் சோழ நிர்வாகத்துக்குள் இருந்தவர்கள். 'பஞ்சவன்' பாண்டியரைக் குறிக்கும் சொல் என்பதால், ஒருவர் பாண்டியரிடம் பட்டம் பெற்றிருக்கலாம் என்று ஊகிக்க இடம் உண்டு. ஆனால் அது ஒரே ஒரு சொல்லின் மேல் நிற்கும் ஊகம். கல்கி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த 'இருமுடிச்சோழ'வை விட்டுவிட்டார். அதனால் சோழ அதிகாரிகளே செய்த சதி காட்டுக்குள் பள்ளிப்படை அருகே கூடும் பாண்டியச் சதியாக மாறியது. ரவிதாசன், சோமன் சாம்பவன் என்று பெயர்களைக் கல்லிலிருந்து எடுத்தார், நோக்கத்தைத் தானே எழுதினார். பெயர் உண்மை என்பதால் நோக்கமும் உண்மை போலத் தோன்றுகிறது. நாவலின் மொத்த வித்தையும் இதுதான் என்பேன்.

இடத்திலும் இதே வித்தைதான். கொலை எங்கே நடந்தது என்று உடையார்குடிக் கல்வெட்டு சொல்லவில்லை. விற்கப்படும் நிலம் அந்தச் சபையின் எல்லைக்குள் இருந்தது, அதனால் கல்வெட்டு அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். கல்கி கொலையைப் பக்கத்திலேயே கடம்பூரில் வைத்தார். கதையையும் அதே வட்டாரத்தில், வீரநாராயண ஏரிக்கரையில்தான் தொடங்கினார். ஏரி உண்மை, எழுபத்து நான்கு கண்வாய் என்று கணக்குச் சொல்கிறார், ஆடித் திருநாள் கண்முன் நடக்கிறது. இத்தனையையும் நம்பிப் பழகிய வாசகர் அதே ஊரைச் சுற்றி ஒரு சம்புவரையர் மாளிகையும் இருட்டறையும் வந்தால் நிறுத்திக் கேள்வி கேட்பாரா என்ன?

அதற்கு முன்பே கதைசொல்லி தன் பீடத்தை அமைத்துவிடுகிறார். 'கற்பனை ஓடத்தில்' ஏறிவரும்படி முதல் பத்தியிலேயே அழைக்கிறார். நேர்மைதான். ஆனால் ஓடம் போய்ச் சேரும் துறையை எப்படிச் சொல்கிறார்? தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என்கிறார். தொள்ளாயிரம் இல்லை, ஏறக்குறைய ஆயிரம் இல்லை, கச்சிதமாக 982. 'கற்பனை' என்ற சொல்லை அந்த எண் விழுங்கிவிடுகிறது. பிறகு 'நாம்' என்ற குரலில், வகுப்பில் பாடம் எடுப்பவர் போல, செப்பேட்டுச் செய்தியையும் நந்தினியின் பார்வையையும் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போகிறார். நந்தினி முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவனோ குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டில் ஒரு தொடரில் வருபவர். படிக்கும்போது இந்த வேறுபாடு கொஞ்சமும் தட்டுப்படாது.

இப்போது கண்டராதித்தர் மகனான உத்தம சோழனுக்கு வருவோம். கொலைகாரர்களின் சொத்து ராஜராஜன் வந்த பிறகே தீர்க்கப்பட்டது என்பதை வைத்து, இடையில் ஆண்ட உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கருதினார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்வெட்டு சொத்தைத்தான் பேசுகிறது, தண்டனை முன்பே தரப்பட்டிருக்கலாம் என்பது அந்தப் பக்கத்து வாதம். பண்டாரத்தாரின் சோழர் வரலாற்று முதல் பகுதி 1949இல் வந்தது, கல்கி தொடங்கியது அடுத்த ஆண்டு. அப்போது இது சூடான கேள்வி.

கல்கி இதில் வாதம் செய்யவே இல்லை. ஆளை மாற்றிவிட்டார். அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதியில் சிக்கும் மதுராந்தகன் கண்டராதித்தர் மகனே இல்லை, உண்மையான மகன் பூமாலை கட்டும் சேந்தன் அமுதன், அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். இப்படி ஒரு பிள்ளைமாற்றத்துக்கு எந்தக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் துளிக் குறிப்பும் கிடையாது. ஆனால் அறிஞர்கள் சண்டையிட்ட சந்தேகத்தை ஒரே திருப்பத்தில் துடைத்துவிடுகிறது. ஆசை ஒருவனிடம், பட்டம் இன்னொருவனிடம். எனக்கு நாவலிலேயே மிகப் பிடித்த சூழ்ச்சி இது. வரலாற்றுக்கு மிகப் பெரிய சேதம் செய்ததும் இதுதான்.

சேதம் எது என்று பார்க்கத் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் படிக்க வேண்டும். ராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டது அது. குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை அருண்மொழி, அதாவது பிற்கால ராஜராஜன், அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது. ஆசை உத்தமனுடையது என்று வென்றவர் வீட்டு ஆவணமே சொல்கிறது. நாவலிலோ அருண்மொழி மனமுவந்து கொடுக்கும் தியாகமாகவே இது நிற்கிறது, வாங்கிக்கொள்பவன் ஆசையற்ற பக்தன். செப்பேட்டில் லேசாக உறுத்திக்கொண்டிருந்த அந்த 'ஆசை' என்ற சொல் காணாமல் போய்விட்டது.

செப்பேடு மட்டும் பத்தரைமாற்றுத் தங்கமா என்றால் இல்லை. பாண்டியன் தலையை வெற்றித்தூணாக நட்டுவிட்டு, வானுலகம் காணும் ஆசையால் ஆதித்தன் மறைந்தான் என்று அதில் இருக்கிறது. கொலை என்ற பேச்சே இல்லை. ராஜராஜன் ஆணையில் 'கொன்று துரோகிகளான' என்று வெளிப்படையாகக் கிடக்கும் விஷயத்தை, அவன் மகனின் அவைப்புலவர் வானுலக ஆசையாக மாற்றிப் பாடியிருக்கிறார்.

கல்கிக்கு இவை தெரியாதவை அல்ல. கரிகாலனைக் குத்திய கை யாருடையது என்பதைக் கடைசிவரை அவர் தெளிவாக்கவில்லை. கல்வெட்டு தெளிவாகச் சொல்வது அந்த ஒன்றைத்தான். கல்லில் இருப்பதை மங்கலாக்கி, கல்லில் இல்லாத ஊர், நோக்கம், பிள்ளைமாற்றம் மூன்றையும் பளிச்சென்று எழுதியிருக்கிறார். அடுத்த முறை ஐந்தாம் பாகம் படிக்கும்போது, உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.