செராமிக் கம்போசிட்டோட உயிர் அந்த மெல்லிசான கோட்டிங்லதான் இருக்கு

சிலிக்கான் கார்பைடு ஃபைபர், அதச் சுத்தி நிரப்பின சிலிக்கான் கார்பைடு மேட்ரிக்ஸ், ரெண்டும் சேந்த கம்போசிட் பத்தி எத எடுத்துப் படிச்சாலும் "1300 டிகிரி தாங்கும், எடை நிக்கல் அலாய்ல மூணுல ஒரு பங்கு"னு சொல்லி முடிச்சிடறாங்க. ரெண்டும் உண்மைதான், 2016-லேர்ந்து லீப் விமான எஞ்சின்ல டர்பைன் பிளேடுங்களச் சுத்தி இருக்கற ஷ்ரவுடு வளையம் இந்தப் பொருள்ல ஓடிட்டு இருக்கு. ஆனா செராமிக்கா இருந்தும் இது ஏன் பட்டுனு உடையறதில்லங்கறத விட்டுடறாங்க, எனக்கு அதுதான் ஆதங்கம். அது புரிஞ்சாத்தான் இது எப்போ காலை வாரும்ங்கறதும் புரியும்.

விஷயம் ஃபைபர் மேல இருக்கிற கோட்டிங்ல இருக்கு. போரான் நைட்ரைடு இல்லன்னா கார்பன், தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள்ளதான். இழுத்தா முதல்ல மேட்ரிக்ஸ்தான் விரிசல் விடும், 0.1 சதவீதம் நீண்டாலே அதுக்குத் தாங்காது, ஃபைபர் கிட்டத்தட்ட 1 சதவீதம் வரை நீளும். விரிசல் ஓடி வந்து ஃபைபர்ல முட்டறப்போ அந்த கோட்டிங் பலவீனமா இருக்கறதால நேரா ஃபைபர வெட்டாம பக்கவாட்டுல திரும்பி ஃபைபர் நெடுகப் பிரிஞ்சு போகுது. விரிசல் ஃபைபரத் தாண்டிப் போயிடும், ஃபைபர் மட்டும் முழுசா நின்னு விரிசலோட ரெண்டு கரையையும் பிடிச்சு இழுத்துட்டு இருக்கும். கிராக் பிரிட்ஜிங்னு சொல்றது இதத்தான். விரிசல் அகலமாகணும்னா இத்தன ஃபைபரையும் நீட்டியாகணும், அதனால லோடு மத்த இடத்துக்குப் பரவி அங்கங்க புதுசா சின்னச் சின்ன விரிசல்தான் விழுது, பொருள் ரெண்டா போகறதில்ல.

இப்போ ஃபைபர் எங்க உடையும்? விரிசலுக்கு நேராத்தான்னு தோணும். ஆனா உரசல் கொஞ்சம் கொஞ்சமாத்தான் லோடை மேட்ரிக்ஸுக்குத் திருப்பிக் கொடுக்குது, அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரு நீளத்துக்கு ஃபைபர் இறுக்கத்துல இருக்கும். கணக்கு சிம்பிள்:

l = σr / 2τ

ஃபைபர் ஆரம் r 7 மைக்ரான், அதுல அழுத்தம் σ 2000 மெகாபாஸ்கல், உரசல் τ 20 மெகாபாஸ்கல்னு வச்சுக்கோங்க, அந்த நீளம் l 350 மைக்ரான் வருது, அதாவது ஃபைபரோட விட்டத்துல 25 மடங்கு. அந்த நீளத்துக்குள்ள எங்க மோசமான குறை இருக்கோ அங்க ஃபைபர் உடையும், பெரும்பாலும் மேட்ரிக்ஸுக்கு உள்ள. உடைஞ்ச துண்டு உரசிக்கிட்டே வெளிய வரணும், அதுதான் ஃபைபர் புல் அவுட், அதுக்கும் ஆற்றல் செலவாகும். உடைஞ்ச பரப்ப எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஃபைபர் நுனிங்க உயரம் உயரமா நீட்டிட்டு நிக்கும், பக்கத்துல ஃபைபர் உருவி வந்த ஓட்டைங்க தெரியும். அதே கணக்குல உரசல் 200-ஆ ஏறினா l வெறும் 35 மைக்ரான், பரப்பு கிட்டத்தட்ட தட்டையா இருக்கும். உரசல விடு, கோட்டிங் ரொம்ப கெட்டியா ஒட்டிட்டா விரிசல் திரும்பவே திரும்பாது, ஃபைபரயும் சேத்து வெட்டிட்டுப் போயிடும், கைல இருக்கறது சாதா செராமிக்தான்.

அதனாலதான் "1300 டிகிரி தாங்கும்"னு மட்டும் சொல்றது எனக்குப் பிடிக்கல. நெறைய பேர் சூடு ஏற ஏறத்தான் ஆபத்துன்னு நினைக்கறாங்க, ஆனா ஏற்கனவே விரிசல் விழுந்த துண்டுக்கு காத்துல 700-800 டிகிரி பக்கம்தான் ரொம்ப மோசம். 1200-ல சிலிக்கான் கார்பைடு வேகமா சிலிக்காவாகி விரிசல் வாய அடைச்சிடும். 800-ல அது மெதுவாத்தான் நடக்கும், ஆனா உள்ள போற ஆக்ஸிஜனுக்கு கோட்டிங்க தின்ன அந்தச் சூடு போதும். கார்பன்னா எரிஞ்சு போயிடும், போரான் நைட்ரைடுன்னா கண்ணாடியா மாறி ஃபைபரயும் மேட்ரிக்ஸயும் ஒட்டிடும். ரூம் டெம்பரேச்சர்ல நீளமா புல் அவுட் காட்டின அதே பொருள் அப்புறம் விரிசல் வாய்ப் பக்கம் தட்டையா உடைஞ்சு காட்டும்.

ஃபைபர், மேட்ரிக்ஸ் ரெண்டுமே கார்பனா இருக்கற கார்பன்-கார்பன் கம்போசிட்லயும் இதே கததான். பிளாஸ்டிக் கம்போசிட்டுக்கு ஃபைபர் நல்லா ஒட்டணும்னு மேல்பரப்ப ஆக்ஸிடைஸ் பண்ணுவாங்க இல்லையா, அந்த ஃபைபர அப்படியே ஃபீனாலிக் ரெசினோட சேத்து கார்பனாக்கினா வலு போயிடும். ரெசின் கருகறப்போ பாதிக்குக் கிட்ட எடை இழந்து நல்லா சுருங்கும், ஃபைபர் இறுக்கி ஒட்டியிருந்தா அந்தச் சுருக்கமே அதக் காயப்படுத்தும், வர்ற விரிசலும் நேரா உள்ள பாயும். ட்ரீட்மென்ட் பண்ணாத ஃபைபர்தான் இங்க தேவலாம். ஆக்ஸிஜன் இல்லாத இடத்துல கார்பன்-கார்பன் 2000 டிகிரிக்கு மேலயும் வலு குறையாம நிக்கும், காத்துலயோ 500 டிகிரி பக்கமே எரிய ஆரம்பிச்சிடும். ஸ்பேஸ் ஷட்டில் இறக்கையோட முன் விளிம்புல சிலிக்கான் கார்பைடு கோட்டிங் போட்டது அதனாலதான், ஆறறப்போ அந்தக் கோட்டிங்கும் உள்ள இருக்கற கார்பனும் வேற வேற அளவு சுருங்கறதால அதுலயும் விரிசல் விழும், அத அடைக்க சிலிக்கேட் சீலன்ட் வேற போட வேண்டியிருந்துச்சு.

ஆக யாராவது இந்தப் பொருள உங்களுக்குக் காட்டினா உச்ச வெப்பநிலைய மட்டும் கேட்டு விட்டுடாதீங்க. மேட்ரிக்ஸ் எந்த அழுத்தத்துல விரிசல் விட ஆரம்பிக்குதுன்னு கேளுங்க, அதுக்கு மேல லோடு போட்டு 800 டிகிரி காத்துல நூத்துக்கணக்கான மணி நேரம் வச்ச துண்டோட உடைஞ்ச பரப்பு படம் இருக்கான்னும் கேளுங்க.