டாரண்டில் சீடர் எண்ணிக்கை எதற்குச் சாட்சி?

டாரண்டில் முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர்தான் சீடர். ஓர் அண்ணன் எழுதியது: “டிராக்கர்ல ஆயிரம் சீடர் இருந்தா ஒரிஜினல்தான். ஹேஷும் ஒத்துப்போகுதே!”

ஹேஷ் பற்றிச் சொன்னது பாதி சரி, அண்ணே. மேக்னட் லிங்கில் `xt=urn:btih:` என்பதற்குப் பின்னால் வருவதுதான் ஹேஷ், டாரண்டின் கைரேகை மாதிரி. கோப்பைப் பகிரும் மற்ற கணினிகளான பியர்களிடமிருந்து வரும் டாரண்ட் விவரம் அதற்குப் பொருந்துகிறதா, ஒவ்வொரு துண்டும் அந்த விவரத்தில் உள்ள துண்டு ஹேஷுக்குப் பொருந்துகிறதா என்று மென்பொருள் பார்க்கும். ஆனால் அந்த ஹேஷை உருவாக்கியது யார் என்று அது பார்ப்பதில்லை. போலிக் கோப்புக்கும் கச்சிதமான ஹேஷ் உண்டு. `dn=` பகுதியில் உள்ள பெயரை யாரும் எப்படியும் எழுதலாம். டிராக்கரிடம் கோப்பே கிடையாது, பியர்களின் முகவரிகளைத்தான் தரும். அது காட்டும் எண்ணிக்கையையும் பொய்யாக ஏற்ற முடியும்.

போன மாதம் பினாங்கில் என் அக்கா மகன் உபுண்டு என்று ஒன்றை இறக்கினான். நிறைய சீடர்கள். திறந்தால் ஒரே ஒரு `.exe`! உபுண்டு வருவது `.iso` கோப்பாக. அதை அழித்துவிட்டு, `releases.ubuntu.com` தளத்திலேயே உள்ள டாரண்டை எடுத்தோம். இறங்கியதும், கோப்பின் பெயர் `ubuntu.iso` என்றால் இப்படி:

```
sha256sum ubuntu.iso
```

வந்த எண்ணை அதே தளத்தின் `SHA256SUMS` கோப்போடு ஒப்பிட்டோம், கடைசி எழுத்துவரை ஒன்றாக இருந்தது. நம்பிக்கை தருவது இந்த ஒப்பீடுதான்.

மேக்னட் போட்டும் 0%-லேயே நிற்கிறது என்ற பட்டர்வொர்த் தம்பிக்கு: அது வைரஸ் அறிகுறி அல்ல. கோப்பின் விவரத்தைத் தர ஒரு பியரும் கிடைக்காமல் இருக்கலாம், ஹாஸ்டல் வைஃபை தடுக்கவும் செய்யலாம். போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.