நன்றிக் கடிதத்தில் கேள்விகளும் இருக்கட்டும்

கருத்தரங்கு முடிந்து பேச்சாளருக்குப் போகிற நன்றிக் கடிதத்தை நம்மூரில் யாரும் படிப்பதில்லை. பாதி நேரம் எழுதுகிறவரே படிப்பதில்லை. ‘தங்கள் செறிவான உரை அவையோரைப் பெரிதும் கவர்ந்தது’ என்று போன வருடக் கடிதத்தில் பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது.

பேசியவருக்கு அதில் புதிதாக என்ன இருக்கிறது? தான் நன்றாகப் பேசினோமா என்பது அவருக்கே தெரியும். கேள்வி நேரத்தில் என்ன நடந்தது என்பதுதான் முழுசாகத் தெரியாது. ஒரு கேள்விக்குப் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் மைக்கை வாங்கிவிடுவார். அந்த நேரத்தில் பேனாவும் தாளுமாக நிதானமாக உட்கார்ந்திருப்பவர் அமர்வுத் தலைவர் ஒருவர்தான். எந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது, எது நழுவிப் போனது, எதற்கு இன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டியது அவர் வேலை என்பது என் கட்சி.

சமீபத்தில் புதுச்சேரியில், அதன் பக்கத்திலேயே ரோமானியச் சரக்குகள் கிடைத்த பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு பற்றிய ஓர் அமர்வுக்குத் தலைமை ஏற்றேன். பேசியவர் மட்பாண்ட ஆய்வில் ஊறிய ஒரு பேராசிரியை. பெயர் வேண்டாம் என்றார். கடிதத்தைப் பகிரச் சம்மதித்தார். முதல் பத்தி வழக்கமான நன்றிதான், அதை விட்டுவிடுகிறேன். மற்றது இது:

“அம்மா, அன்று வந்த கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து ஒரே இடத்துக்குத்தான் வந்தது: ரோமானியர் இங்கே வாழ்ந்தார்களா, சரக்கு மட்டும் வந்து போனதா? 1945இல் தோண்டிய மார்ட்டிமர் வீலர் அடுத்த வருட அறிக்கையில் இதை ‘இந்திய-ரோமானிய வணிக நிலையம்’ என்று தலைப்பிலேயே எழுதிவிட்டதால், அந்தப் படம் எங்கள் எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்டது. இத்தாலியச் சிவப்புக் கிண்ண ஓடு கிடைத்தால் கிண்ணம் வந்தது என்றுதான் அர்த்தம், கிண்ணக்காரர் வந்தார் என்று அர்த்தமில்லை என்றீர்கள். அவை ஒப்புக்கொண்டது. ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவர் விடவில்லை. மது ஜாடி வந்தால் நம் அரசர்கள் குடித்திருப்பார்கள் சரி, ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த ஜாடிகளும் இருக்கின்றனவே, அதை யார் சாப்பிட்டது என்றார். உள்ளூர் நாக்குக்குப் பழகாத பொருள் என்றால் அந்த நாக்குக்காரர் சிலராவது இங்கே தங்கியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆய்வாளர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு என்று கூறி, ‘சிலர், சில பருவம்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டீர்கள். இதை முடிவாகாத விஷயம் என்றே குறித்திருக்கிறேன்.

இரண்டாவது, ரௌலட்டட் தட்டு. நீங்கள் கையில் எடுத்துக் காட்டிய ஓட்டை எல்லாரும் தடவிப் பார்த்தார்கள்: மெல்லியது, வழுவழுப்பானது, உட்புறம் வட்டம் வட்டமாகப் பொடிப்பொடிக் கீறல். வீலர் இதை மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்காகவும், அதைப் பார்த்து இங்கே செய்ததாகவும் எண்ணினார். இன்று இது இந்தியத் துணைக்கண்டத்துப் பொருள்தான் என்பதில் பெரிய தகராறு இல்லை. தகராறு ஊரைப் பற்றியது. ஒரு கல்லூரி மாணவி நேராகக் கேட்டார்: ‘அப்போ எந்த ஊர் மண், மேடம்?’ 1990களில் எக்ஸ்-கதிர் கொண்டு கனிமங்களை ஒப்பிட்ட ஆய்வு, வங்காளத்தின் சந்திரகேதுகர்–தம்லுக் வட்டாரத்தைக் கை காட்டியது என்றீர்கள். பிறகு 2005இல் வந்த வேதியியல் ஆய்வு, பல ஊர் ஓடுகளும் ஒரே வகை மண்ணிலிருந்து வந்தவை என்று காட்டியது. ஆனால் ‘எல்லாம் ஒரே மண்’ என்பது வேறு, ‘அந்த மண் இந்த ஊரில் இருக்கிறது’ என்பது வேறு. மாணவி கேட்டது இரண்டாவதை; அன்று பதில் வந்தது முதலாவதுக்கு. சுட்டுக் கெட்டுப்போன ரௌலட்டட் தட்டுகளோடு ஒரு சூளை அகப்பட்டால்தான் வழக்கு தீரும் என்று பிறகு தேநீர் வேளையில் சொன்னீர்கள். அந்த ஒரு வரி அவையில் எல்லார் காதிலும் விழுந்திருக்க வேண்டியது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது காலம். இத்தாலிய ஓடு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி என்றால், ஊர் அதற்கு முன்னால் எவ்வளவு பழையது? அந்த ஓடு தான் கிடந்த அடுக்குக்குத்தான் தேதி சொல்லும், அதற்குக் கீழே உள்ளதற்குச் சொல்லாது என்று விளக்கினீர்கள். வீலருக்குப் பின் 1940களின் இறுதியில் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவும் தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே குடியிருப்பு இருந்தது தெளிவானது. எத்தனை நூற்றாண்டு முன்பு என்ற கேள்வி நிற்கிறது. ஆழத்தில் தண்ணீர் ஊறுவது தோண்டுகிறவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்று நீங்கள் சொன்னதையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.”

கடிதத்தின் முக்கியப் பகுதி இவ்வளவுதான். இதைப் பார்த்த விழாக்குழு நண்பர், “என்னங்க இது, நன்றிக் கடிதமா, குற்றப்பத்திரிகையா? பெரியவங்க மனசு சங்கடப்படாதா?” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘பதில் சொல்லவில்லை’ என்பதும் ‘பதில் இன்னும் இல்லை’ என்பதும் வேறு வேறு. கடிதம் எழுதுகிறவர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினால் சங்கடத்துக்கு இடமில்லை. என் சொந்தக் கருத்தையும் உள்ளே நுழைக்கவில்லை. ரோமானியர் தங்கினார்களா என்பதில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, அதைச் சொல்ல அந்தக் கடிதம் இடமில்லை. (டீக்கடையில் கேளுங்கள், சொல்கிறேன்.) கேள்வி கேட்டவர் பெயரையும் போடவில்லை. ‘பின்வரிசையிலிருந்து ஒருவர்’ போதும். கேள்வியை மட்டும் முடிந்தவரை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். ‘எந்த ஊர் மண்’ என்பதை ‘மூலப்பொருளின் தோற்றுவாய்’ என்று மாற்றினால் கேள்வியின் கூர் போய்விடும். இரண்டு மூன்று நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். வாரம் கடந்தால் நம் நினைவு கேள்வியைத் திருத்த ஆரம்பித்துவிடும்.

பேராசிரியை மறுநாளே பதில் போட்டார். சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை, ஒரு திருத்தம்தான் சொன்னார். ரௌலட்டட் பத்தியை மொத்தமாக ‘முடிவாகாதது’ கணக்கில் வாசகர் சேர்த்துவிடக் கூடாது, ‘மத்தியதரைக் கடல் சரக்கு அல்ல’ என்ற பாதி முடிந்துவிட்டது, அதைத் தனி வாக்கியமாக நிறுத்துங்கள் என்றார். நிறுத்திவிட்டேன். மேலே நீங்கள் படித்தது அந்த வடிவம். மாணவிக்கென்று தனியாக ஒரு பக்கம் எழுதியும் அனுப்பியிருந்தார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை மேலே தரவில்லை. அரிக்கமேட்டை ஒட்டிய காக்காயன்தோப்பிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் இரண்டு கேள்வி கேட்டார். முதலாவது, இப்போது அங்கே நிற்கிற இடிந்த சுவர்கள் ரோமானியர் கட்டியவைதானே என்பது. இல்லை, அவை 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமாரின் கட்டடம்; தோண்டிய குழிகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. அதற்கு உடனே பதில் கிடைத்தது. இரண்டாவது: “ஆத்துக்கரை சரியறப்போ ஓடு ஓடா வெளிய வருதுங்க. பசங்க பொறுக்கி வெச்சிருக்காங்க. அத எங்க குடுக்கறது, குடுத்தா ரசீது தருவாங்களா?”

இது மட்பாண்ட ஆய்வாளர் தீர்க்கிற கேள்வி அல்ல. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் தொல்லியல் துறை சொல்ல வேண்டியது. கடிதத்தின் அந்தப் பத்தியை மட்டும் நகல் எடுத்து, துறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன். அதுவரை பையன்களிடம், எந்த ஓடு கரையில் எந்த இடத்தில் கிடைத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு கட்டி வைக்கும்படி சொல்லச் சொன்னேன்.