துணை டொமைனில் வலைப்பதிவு இருந்தால் கூகுள் ஒதுக்குமா?

“வலைப்பதிவும் கடையும் துணை டொமைனில் இருந்தால் கூகுள் பின்னுக்குத் தள்ளிவிடும். உடனே கோப்புறைக்கு மாற்றுங்கள்!” என்றொரு செய்தி பகிரப்படுகிறது.

இது தவறு. தொழிலுக்கு எது பொருந்துமோ அதைச் செய்யலாம் என்றே கூகுளின் எஸ்இஓ தொடக்க வழிகாட்டி சொல்கிறது, அங்கேயே சரிபார்க்கலாம்.

வலைப்பதிவு முதன்மைத் தளத்தின் சர்வரிலேயே இயங்கினால் example.com/blog என்ற கோப்புறை எளிது. கடை வேறு நிறுவனத்தின் சர்வரில் இயங்கினால் shop.example.com என்ற துணை டொமைன் போதும். அதைக் கோப்புறைக்குள் கொண்டுவர கோரிக்கைகளை அந்தச் சர்வருக்குக் கடத்தும் ரிவர்ஸ் பிராக்ஸி இடையில் தேவை. அது பழுதானால் கடை திறக்காது.

அவசர மாற்றம்தான் உண்மையான ஆபத்து. பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 வழிமாற்றம் செய்ய வேண்டும். மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால், அந்தப் பக்கங்கள் தேடலில் பெற்றிருந்த இடம் பறிபோகும். இப்படி ஒருவரின் உழைப்பு வீணாக வேண்டாம். தயவுசெய்து அந்தத் தவறான செய்தியைப் பகிராதீர்கள்.